நடையில் ஒரு ஸ்மார்ட் பல்ப்: மாட்டுவதிலிருந்து ரொட்டீன் வரை

எங்கள் வீட்டில் படுக்கையறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு நீளமான நடை இருக்கிறது. அப்பா இரவில் இரண்டு முறையாவது எழுந்து அந்த வழியாகப் போவார். விளக்கைப் போட்டால் கண் கூசி, அப்புறம் தூக்கம் வருவதில்லை என்று இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். ஒருநாள் இரவு கதவு நிலையில் காலை இடித்துக்கொண்டு விரல் வீங்கிப்போனது. அந்த வாரமே ஒரு ஸ்மார்ட் பல்பும் ஒரு வாய்ஸ் ஸ்பீக்கரும் வாங்கினேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பொழுது சாயும்போது நடை விளக்கு தானாக எரிய வேண்டும். இரவு 10 மணிக்கு அது மங்கி, கண்ணை உறுத்தாத மஞ்சள் வெளிச்சமாக மாற வேண்டும். காலை 6 மணிக்கு அணைய வேண்டும். இப்படி நேரம் குறித்து விளக்கு தானாக இயங்கும்படி ஆப்பில் எழுதிவைப்பதைத்தான் ரொட்டீன் என்கிறார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஒருநாளும் தவறாமல் நடக்க வேண்டுமென்றால் சில விஷயங்களைப் புரிந்துகொண்டாக வேண்டும். அந்த ஒரு விளக்கை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

சுவரில் இருக்கும் ஸ்விட்ச்

ஸ்மார்ட் பல்ப் என்பது சாதாரண எல்இடி பல்புக்குள் ஒரு சிறிய ரேடியோ சிப்பையும் சேர்த்து வைத்தது. "எரி", "அணை", "மங்கு" என்ற கட்டளைகளை அந்த சிப் தான் வாங்குகிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் சிப் விழித்திருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். ஆக, சுவரில் இருக்கும் ஸ்விட்ச் எப்போதும் ஆன் நிலையிலேயே இருக்க வேண்டும். அதை அணைத்துவிட்டால் பல்புக்குள் இருக்கும் சிப்பும் செத்த மாதிரிதான். ஸ்பீக்கரிடம் எத்தனை முறை சொன்னாலும் எரியாது. எப்போதும் ஆனிலேயே வைத்தால் கரண்ட் செலவாகாதா என்று அம்மா கேட்டார். பெரும்பாலான பல்புகள் காத்திருக்கும்போது அரை வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். ஒரு மாதம் முழுக்க அப்படியே இருந்தாலும் அரை யூனிட்டைத் தொடாது.

கரண்ட் செலவு பெரிய விஷயமாக இல்லை. பழக்கம்தான் பெரிய விஷயமாக இருந்தது. பல்ப் மாட்டிய முதல் நான்கு நாளும் காலையில் நடை விளக்கு 'ஆஃப்லைன்' என்று ஆப்பில் காட்டியது. வைஃபையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ரவுட்டரை இரண்டு முறை இடம் மாற்றி வைத்தேன். ஐந்தாம் நாள்தான் தற்செயலாகப் பார்த்தேன். அப்பா நடையைக் கடந்து வரும்போது, பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், கை தானாகப் போய் ஸ்விட்சைத் தட்டியது. "இதை அணைக்காதீங்கப்பா" என்றேன். "நான் எங்கப்பா அணைச்சேன்?" என்றார். அவருக்கே தெரியவில்லை. நாற்பது ஐம்பது வருடம் பழகிய கை அது.

இதற்கு மூன்று வழி உண்டு. ஸ்விட்சின் மேல் ஒரு மூடியோ டேப்போ ஒட்டலாம். பல்போடு பேசக்கூடிய, பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டன் ஒன்றைப் பழைய ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். இல்லையென்றால் பல்பைச் சாதாரணமாகவே விட்டுவிட்டு ஸ்விட்சை ஸ்மார்ட் ஸ்விட்சாக மாற்றலாம். ஸ்விட்ச் மாற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை, அதோடு பல ஸ்மார்ட் ஸ்விட்சுகளுக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வந்திருக்க வேண்டும். நான் டேப்பும் பட்டனும் என்று முடிவு செய்தேன். சுவரில் கை போகும் இடத்திலேயே பட்டன் இருந்ததால் அப்பாவின் கை ஒரே வாரத்தில் பழகிவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் மட்டும் ஸ்மார்ட் பல்பை மாட்ட வேண்டாம். விளக்கு சிமிட்டும், பல்பும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பல்பை வைஃபையில் சேர்ப்பது

வாங்கும் முன் ஹோல்டரைப் பாருங்கள். அழுத்தித் திருப்பும் வகை என்றால் பெட்டியில் B22 என்றும், திருகும் வகை என்றால் E27 என்றும் போட்டிருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பல்பை மாட்டி, மறுபடி ஆன் செய்தால் புதுப் பல்ப் வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். 'என்னைச் சேர்த்துக்கொள்' என்பதற்கு அதுதான் அடையாளம். சிமிட்டவில்லை என்றால் ஒரு நொடி இடைவெளியில் மூன்று முதல் ஐந்து முறை அணைத்து அணைத்துப் போட வேண்டும். எத்தனை முறை என்பது பல்போடு வரும் தாளில் இருக்கும். அப்புறம் பல்ப் கம்பெனியின் ஆப்பைத் திறந்து, வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தால் சேர்ந்துவிடும்.

சேரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபையை அனுப்புகின்றன. வைஃபை பல்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். அது வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். விளக்குக்கு அது போதும். பிரச்சினை என்னவென்றால் ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும், போன் 5-இல் உட்கார்ந்திருக்கும், சில ஆப்களால் அந்த நிலையில் பல்பைச் சேர்க்க முடியாது. ரவுட்டர் அமைப்புக்குள் போய் 5 கிகாஹெர்ட்ஸை ஒரு பத்து நிமிடம் அணைத்துவிட்டு, பல்பைச் சேர்த்தபின் மறுபடி போடுங்கள். ஒருமுறை சேர்ந்த பல்புக்குப் பிறகு போன் எதில் இருந்தாலும் கவலை இல்லை.

எங்கே சிக்கல் என்று பல்பே ஓரளவு சொல்லும். கடைசி வரை சிமிட்டிக்கொண்டே இருந்தால் அது வைஃபைக்குள் நுழையவே இல்லை. பாஸ்வேர்டையோ அலைவரிசையையோ பாருங்கள். சிமிட்டல் நின்று நிலையாக எரிகிறது, ஆனால் ஆப்பில் வரவில்லை என்றால் பெரும்பாலும் பல்ப் வைஃபைக்குள் வந்துவிட்டது. போனும் அதுவும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. விருந்தினர் வைஃபையில் சேர்த்தவர்களுக்கு இது நடக்கும். அந்த வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி ரவுட்டரே தடுத்து வைத்திருக்கும்.

ஸ்பீக்கரோடு இணைப்பதும் பெயர் வைப்பதும்

ஸ்பீக்கருக்குத் தனி ஆப், பல்புக்குத் தனி ஆப். ஸ்பீக்கரின் ஆப்புக்குள் போய்ப் பல்ப் கம்பெனியின் கணக்கை இணைத்தால் பல்ப் அங்கேயும் தெரியும். பல்பின் மேல் `Matter` என்ற அடையாளம் இருந்தால் அதிலிருக்கும் க்யூஆர் கோடை ஸ்பீக்கரின் ஆப்பிலேயே நேராக ஸ்கேன் செய்யலாம். வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022-இல் வெளியான பொதுத் தரம் அது. ஸ்பீக்கர் மேட்டரை ஏற்கும் வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். ஸ்பீக்கரை எந்த மொழியில் அமைத்திருக்கிறோமோ அந்த மொழியின் காதோடுதான் அது கேட்கும். ஆங்கிலத்தில் அமைத்த ஸ்பீக்கரிடம் "நடை" என்று சொன்னால் அதற்கு ஏதோ ஒரு ஆங்கிலச் சொல்லாகக் கேட்கும். நான் `Passage` என்று வைத்தேன், சிக்கல் இல்லை. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்கள் வேண்டாம். அறைக்கும் விளக்குக்கும் ஒரே பெயர் வைத்தாலும் குழம்பும். ஸ்பீக்கரையும் அந்த அறையின் விளக்குகளையும் ஆப்பில் ஒரே அறைக்குள் சேர்த்துவிட்டால், பெயரே சொல்லாமல் லைட்டைப் போடச் சொன்னாலும் அந்த அறை விளக்கு மட்டும் எரியும். ஸ்பீக்கரை டிவிக்குப் பக்கத்திலும் மூலையிலும் வைக்காமல் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

நாம் பேசும் கட்டளை வீட்டுக்குள்ளேயே பல்புக்குப் போவதாகத் தோன்றும். பல வீடுகளில் அது வெளியூர் போய்த்தான் வருகிறது. ஸ்பீக்கர் நம் குரலைத் தன் கம்பெனி சர்வருக்கு அனுப்புகிறது, அது பல்ப் கம்பெனியின் சர்வரிடம் சொல்கிறது, அங்கிருந்து நம் வீட்டுப் பல்புக்கு வருகிறது. சொல்லி முடித்து ஒரு நொடி கழித்து எரிவது அதனால்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ரொட்டீனுக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

ரொட்டீன் என்பது பள்ளிக்கூட மணி

ரொட்டீனுக்கு இரண்டு பாகம். எப்போது என்பது ஒன்று, என்ன செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. அலெக்சா ஆப்பில் `Routines` என்றும் கூகுள் ஹோம் ஆப்பில் `Automations` என்றும் இருக்கும் இடத்தில் இதை அமைக்கலாம். நடை விளக்குக்கு நான் எழுதியது மூன்று:

மாலை: சூரியன் மறைவதற்கு 15 நிமிடம் முன்பு, வெளிச்சம் 60 சதவீதம்.
இரவு: 10 மணிக்கு, வெளிச்சம் 5 சதவீதம், நிறம் 2700 கெல்வின், அதாவது மஞ்சள்.
காலை: 6 மணிக்கு, அணை.

மாலைக்கு மணி நேரத்தைப் போடாமல் `Sunset` என்பதைத் தேர்ந்தெடுத்தேன். வருடம் முழுக்கப் பொழுது சாயும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், ஆப் அதைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அதற்கு வீட்டு முகவரியும் நேர மண்டலமும் ஆப்பில் சரியாக இருக்க வேண்டும். பட்டப்பகலில் விளக்கு எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த முகவரியைத்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்கும் எல்லோரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். "இரவு 10 மணிக்கு 5 சதவீதம்" என்று எழுதினால், 10 மணியிலிருந்து விளக்கு 5 சதவீதமாகவே இருக்கும்படி யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிடுகிறோம். ரொட்டீன் அப்படிக் காவல் காக்காது. பள்ளிக்கூட மணி மாதிரி, குறித்த நேரத்தில் ஒருமுறை அடிக்கும். அந்த நொடியில் காதில் விழுந்தவருக்கு விழுந்தது. தாமதமாக வந்தவருக்காக மறுபடி அடிக்காது.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஒருநாள் இரவு 9:50-க்கு மின்சாரம் போனது. 10 மணிக்கு ரொட்டீன் கட்டளையை அனுப்பியது, ஆனால் வாங்கிக்கொள்ளப் பல்புக்கு உயிர் இல்லை. 10:20-க்கு மின்சாரம் வந்தது. பல பல்புகள் கம்பெனியிலிருந்து வரும்போது, மின்சாரம் வந்ததும் முழு வெள்ளை வெளிச்சத்தில் எரிவது போலத்தான் அமைக்கப்பட்டிருக்கும். எங்களுடையதும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் அறைக்குள் தூங்கப் போய்விட்டோம். 2 மணிக்கு அப்பா கதவைத் திறந்தபோது நடை முழுக்கப் பகல் போல வெளிச்சம். "இதுக்கு இருட்டே தேவலாம்" என்று காலையில் சொன்னார். ஆப்பின் வரலாற்றுப் பக்கத்தில் பார்த்தால் 10 மணி ரொட்டீன் ஓடியதாகவே பதிவாகியிருந்தது. அது மணியை அடித்துவிட்டது, தன் அளவில் சரிதான்.

இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது, பல்ப் கம்பெனியின் ஆப்பில் `Power-on behavior` என்பது போன்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கும். மின்சாரம் திரும்பி வந்தால் பல்ப் எப்படி இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அதை 'கடைசியாக இருந்த நிலை' என்று மாற்றினேன். இதனால் நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தாலும் பல்ப் 5 சதவீதத்துக்கே திரும்பும். படுக்கையறைப் பல்புகளுக்கு இது இன்னும் அவசியம். இல்லாவிட்டால் அணைத்துவிட்டுத் தூங்கிய விளக்கு, 3 மணிக்கு மின்சாரம் வந்ததும் முகத்தின் மேல் பளிச்சென்று எரியும்.

ஆனால் இது மட்டும் போதாது. 10 மணிக்கு மின்சாரமே இல்லாவிட்டால் கடைசி நிலை என்பது மாலையின் 60 சதவீதம்தானே! அதனால் இரண்டாவது மாற்றமாக அதே இரவுக் கட்டளையை 10:30-க்கும், 11:30-க்கும், 1 மணிக்கும் திரும்ப வைத்தேன். ஏற்கெனவே 5 சதவீதத்தில் இருக்கும் பல்புக்கு மறுபடி 5 சதவீதம் என்று சொல்வதால் எந்தக் கெடுதலும் இல்லை, கண்ணுக்கே தெரியாது. முதல் மணியைத் தவறவிட்ட இரவில் இரண்டாவது மணி காப்பாற்றும். காலை அணைப்புக்கும் அதே போல 6:15-க்கு இன்னொன்று. இதற்கு ஒரு சின்ன விலை உண்டு. 10:25-க்கு யாராவது வேண்டுமென்றே முழு வெளிச்சம் போட்டிருந்தால் 10:30-க்கு அது மங்கிவிடும். நடைக்குப் பரவாயில்லை. படிக்கும் அறையில் இப்படித் திரும்பத் திரும்ப வைக்கவே மாட்டேன்.

'கடைசியாக இருந்த நிலை' என்ற அமைப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல்பை ஆப்பில் அணைத்திருக்கிறீர்கள், அந்த நேரம் இணையம் வேலை செய்யவில்லை என்று வையுங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் பல்ப் கடைசி நிலையான 'அணை'க்கே போகும், எரியாது. அவசரத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. அதனால் வீட்டில் ஒரு பல்பையாவது பழையபடி, ஸ்விட்சைப் போட்டால் எரியும் நிலையில் விட்டுவைக்கிறேன். எங்கள் வீட்டில் அது சமையலறைப் பல்ப்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு படுத்தபின் 12:30-க்கு ஒன்று நடக்க வேண்டும் என்றால் ஆப்பில் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்கு அது வெள்ளி இரவுதான், கடிகாரத்துக்குச் சனி பிறந்துவிட்டது. என்னுடைய 1 மணி ரொட்டீன் எல்லா நாளும் ஓடுவதால் எனக்கு இந்தக் கவலை இல்லை. வார நாட்களுக்கு மட்டும் வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அட்டவணை எங்கே இருக்கிறது

மின்சாரம் இருக்கிறது, ஆனால் இணையம் இல்லை. அப்போது ரொட்டீன் ஓடுமா? அது எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பெனி சர்வரில் இருந்தால் ஓடாது. கருவிகளை வீட்டுக்குள்ளிருந்தே இயக்கும் ஹப் என்ற பெட்டியில் இருந்தால் பெரும்பாலும் ஓடும். சில வைஃபை பல்புகள் தங்கள் ஆப்பில் போட்ட அட்டவணையைத் தங்களுக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும், அவையும் ஓடும். விளம்பரத்தைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்வது கடினம், சோதித்துப் பார்த்துவிடுவதே மேல். ஐந்து நிமிடம் கழித்து எரியும்படி ஒரு அட்டவணையைப் போடுங்கள். ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளை மட்டும் கழற்றுங்கள், ரவுட்டர் ஓடட்டும். நேரம் வரும்போது விளக்கைப் பாருங்கள்.

அட்டவணை பல்ப் ஆப்பில் ஒன்று, ஸ்பீக்கர் ஆப்பில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்க விடாதீர்கள். ஆரம்பத்தில் பரீட்சார்த்தமாகப் பல்ப் ஆப்பில் இரவு 11 மணிக்கு அணையும்படி ஒன்று வைத்து மறந்துவிட்டேன். தினமும் 11-க்கு நடை இருண்டு, 11:30-க்கு மறுபடி மங்கலாக எரிந்தது. காரணத்தை ஸ்பீக்கர் ஆப்பிலேயே தேடிக்கொண்டிருந்தேன், அங்கே எப்படிக் கிடைக்கும்?

இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கும். பல்பை ரீசெட் செய்து மறுபடி சேர்த்தால், ஸ்பீக்கர் பல நேரம் அதைப் புதுப் பல்பாகவே எடுத்துக்கொள்ளும். பெயர் ஒன்றாகவே இருக்கும், ஆனால் ரொட்டீன் பழைய பல்பையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். குரலில் சொன்னால் எரிகிறது, ரொட்டீனில் மட்டும் எரியவில்லை என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழையதை நீக்கிவிட்டு ரொட்டீனைத் திறந்து புதியதைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டரை மாற்றும்போது இந்தத் தொல்லையே வராமல் இருக்க, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புது ரவுட்டருக்கும் வைத்துவிடுங்கள். பல்புகளுக்கு ரவுட்டர் மாறியதே தெரியாது.

ரொட்டீன் எழுதி முடித்ததும் இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆப்பில் ரொட்டீனுக்குப் பக்கத்தில் அதை உடனே ஓட்டிப் பார்க்கும் பட்டன் இருக்கும். அழுத்தி விளக்கு மங்கினால் கட்டளை சரி. அதற்குப் பிறகும் இரவில் ஓடவில்லை என்றால் குறித்த நேரத்தையும் நாளையும், அப்போது மின்சாரமும் இணையமும் இருந்ததா என்பதையும் பாருங்கள். நடை விளக்கின் 5 சதவீதத்தையும் இப்படித்தான் முடிவு செய்தேன். கதவை மூடி, எல்லா விளக்கையும் அணைத்து, பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்துவிட்டு அப்பாவையே நடக்கச் சொன்னேன். 10 சதவீதம் கூசுகிறது என்றார், 2 சதவீதத்தில் கதவு நிலை தெரியவில்லை. 5-இல் நின்றோம்.